மன்னிப்புக் கடிதம் அவன் எழுதிவிட்டான், இது என் கடிதம்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கும்,

வணக்கம்.

காய்ச்சலை மறைத்துத் திருப்புதல் தேர்வு எழுதியதற்காக என் மகனிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டிருந்தீர்கள். கோடு போட்ட முழுத்தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டான். அதில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அவன் செய்தது தவறுதான். அந்தத் தவறு எப்படி நடந்தது, அதில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். பள்ளியின் பெயரையோ ஊரின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. படிக்க வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். காய்ச்சல் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டிலேயே ஒரு பையன் மூன்று நாள் காய்ச்சலை மறைத்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை. இந்த வெட்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிவரை அவன் நன்றாகத்தான் இருந்தான். ஐந்தரைக்கு முதுகு வலிக்கிறது என்று படுத்தான். ஃபுளூ காய்ச்சலின் குணமே இதுதான். சாதாரண சளி மூக்கில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏறும். ஃபுளூ வந்தவனிடம் கேட்டால் எத்தனை மணிக்கு வந்தது என்றே சொல்வான். உடம்பு முழுக்க அடித்துப்போட்டதுபோல் வலிக்கும், குளிரும், கண்ணை உருட்டினால் வலிக்கும். அவன் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டதை நானும் பார்த்தேன். "பனியாக இருக்கிறதும்மா" என்றான். மறுநாள் தமிழ்த் தேர்வு, தேர்வு பயம் என்று நினைத்துக்கொண்டு இரவுப் பணிக்குக் கிளம்பிப் போனேன்.

பதினோரு மணிக்கு 102 டிகிரி இருந்திருக்கிறது. என் மருந்துப் பெட்டியிலிருந்த வெப்பமானியில் அவனே பார்த்திருக்கிறான். அதே பெட்டியிலிருந்து 650 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். திங்கள் காலை எட்டு மணிக்கு இன்னொன்று. அவன் எடை 52 கிலோ. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. செவிலியர் மகன் அளவில் தப்பவில்லை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வியர்த்துக் காய்ச்சல் இறங்கும், நாலிலிருந்து ஆறு மணி நேரம் அப்படியே நிற்கும். எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் காவலர் நெற்றியில் காட்டிய துப்பாக்கி வெப்பமானி 97.8 என்றது. அது பார்ப்பது நெற்றித் தோலின் சூட்டைத்தான். மாத்திரை போட்டு வியர்த்து, வேனில் காற்று வாங்கிக்கொண்டு வந்து இறங்கிய பையனின் நெற்றியில் அது வேறு எதைக் காட்டும்? உங்கள் வாசல் சோதனையை அவன் ஏமாற்றினான் என்று சொல்கிறீர்கள். அது ஏமாறுவதற்கென்றே வாங்கப்பட்ட கருவி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் பலருக்கும் இது புரியவில்லை என்பதை இந்தப் பத்து நாளில் பார்த்தேன். உடம்பின் சூட்டை எந்த அளவில் வைத்துக்கொள்வது என்று மூளையில் ஓரிடம் தீர்மானிக்கிறது. பாராசிட்டமால் அந்த இடத்தில் வேலை செய்து சூட்டைக் குறைக்கிறது. தொண்டையிலும் மூக்கிலும் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியை அது தொடுவதே இல்லை. காய்ச்சல் இல்லை, ஆனால் இருமலில், தும்மலில், பேச்சில், மூச்சில்கூடக் கிருமி வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே இது தொடங்கிவிடும். ஐந்து முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். சிறு பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் போகலாம். எல்லாவற்றிலும் அதிகம் பரவுவது நோய் வந்த முதல் மூன்று நாட்களில். என் மகனுக்கு அந்த மூன்று நாளும் தமிழ், ஆங்கிலம், கணிதம்.

தேர்வறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் போய்ப் பார்த்தேன். இருபதுக்கு இருபது அடி அறையில் பன்னிரண்டு பெஞ்சு. காப்பியடிக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன், ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன். விடைத்தாள் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். சாலைப் பக்கச் சன்னல்கள் நான்கும் சாத்தப்பட்டிருந்தன, இரைச்சலாம். மூன்று மணி நேரம் இருபத்து நான்கு பிள்ளைகளும் ஒரு ஆசிரியையும் ஒரே காற்றைத்தான் மாற்றி மாற்றிச் சுவாசித்திருக்கிறார்கள்.

மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்ட பெற்றோர் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். 1977இல் அலாஸ்காவில் ஒரு விமானம் கோளாறாகி மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. உள்ளே 54 பேர். காற்றோட்டக் கருவி ஓடவில்லை. பெரும்பாலான பயணிகள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஃபுளூ. அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் நூற்றுக்கு 72 பேர் படுத்துவிட்டார்கள். தொற்றுநோய் படிக்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் சம்பவம் இது. நம் தேர்வறை பறக்காத விமானம்தான். ஒரே வேறுபாடு, நாம் அதைத் தொடர்ந்து மூன்று நாள் நடத்தினோம்.

இனி எண்ணிக்கை. விடுப்பு எடுத்துக்கொண்டு, தேர்வறையின் இருக்கை வரைபடத்தை ஓர் ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கி, வீடு வீடாகத் தொலைபேசியில் விசாரித்துப் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்தேன். புதன்கிழமை மூன்று பேருக்குக் காய்ச்சல். என் மகனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஒன்பதாம் வகுப்புப் பையன், முன் பெஞ்சில் இருவர். வியாழன் நாலு பேர். வெள்ளி இரண்டு பேர். ஆக, அந்த அறையில் மட்டும் ஒன்பது. பள்ளி வேனில் அவனோடு வரும் எட்டுப் பேரில் நால்வர். அந்த நால்வரில் ஒருவன் அறைக் கணக்கிலும் வருகிறான். கண்காணிப்புக்கு நின்ற ஆசிரியைக்கு வியாழன் இரவு. அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. அடுத்த செவ்வாயன்று ஒன்பதாம் வகுப்பு ஒரு பிரிவில் மட்டும் பதினாறு பேர் வரவில்லை.

ஃபுளூவுக்குத் தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரிய ஒன்றிலிருந்து நான்கு நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு. திங்களுக்குப் புதன், செவ்வாய்க்கு வியாழன் என்று கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதற்காக எல்லாவற்றையும் என் மகன் தலையில் கட்டிவிட முடியாது. ஊரில் அப்போதே காய்ச்சல் இருந்தது. எங்கள் நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டிலேயே தெரியும். இவனுக்கும் யாரோ கொடுத்ததுதான். முந்தைய சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் அறிகுறி வருவதற்கு முன்பேகூட இரண்டொருவருக்கு இவன் கொடுத்திருக்கலாம். அதை எந்தத் தாயாலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த அறையின் ஒன்பதில் பெரும்பகுதி தடுத்திருக்கக்கூடியது. தாயாக அல்ல, செவிலியராகச் சொல்கிறேன்.

அந்த ஒன்பதில் ஒரு பையனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா, பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். என் மகனுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்தான். வியாழன் காலை காய்ச்சல். வழக்கமான சளிக்காய்ச்சல் என்று பெற்றோர் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமை மாலை விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுத்துக்கொண்டு மூச்சுவிட்டான். அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அளவு பார்த்தபோது 90. மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். சளி மாதிரி எடுத்துப் பார்த்ததில் இன்ஃபுளூயன்ஸா ஏ. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் அம்மா என்னோடு பேசுகிறார். அது அவருடைய பெருந்தன்மை.

இந்தப் பையன் விஷயத்தில் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது தொற்று மட்டுமல்ல. ஃபுளூ நோயாளிகளை அரசு வழிகாட்டுதல் மூன்று வகையாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல் என்றால் முதல் வகை. பரிசோதனை வேண்டாம், மாத்திரை வேண்டாம், வீட்டிலேயே ஓய்வு. மூச்சுத் திணறல் போன்ற ஆபத்து அறிகுறிகள் இருந்தால் கடைசி வகை, உடனே மருத்துவமனை. நடுவில் ஒரு வகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்கள் அதில் வருவார்கள். இவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஓசெல்டாமிவிர் மருந்தைத் தொடங்க வேண்டும். அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் தரமாட்டார்கள், ஆனால் அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.

"உங்கள் பையன் வகுப்பில் ஃபுளூ இருக்கிறது" என்று வியாழன் காலையில் யாராவது ஒருவர் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால், அன்று மதியமே மருந்து அவன் கையில் இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு மருந்து தொடங்கியபோது அந்த 48 மணி நேரம் கடந்துவிட்டது. கர்ப்பிணி ஆசிரியைக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே மருந்து கிடைத்தது. காரணம், வியாழன் மாலைக்குள் என் மகன் என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டான், இரவு அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் நான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அப்போதே மற்ற வீடுகளுக்கும் சொல்லியிருக்க வேண்டும். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் கேட்டேன். "தேர்வு முடியட்டும் மேடம், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்" என்று பதில் வந்தது.

ஐயா, இந்த இடத்தில்தான் உங்களோடு எனக்கு வழக்கு. புதன்கிழமை காலை ஒரே அறையில் மூவர் வரவில்லை என்பது உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அன்றே பதினோரு மணிக்கு, கணிதத் தேர்வின் நடுவில், என் மகன் மேசைமேல் வாந்தி எடுத்து, உடம்பு உதறி, உங்கள் அலுவலகத்தில்தான் படுத்திருந்தான். தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காய்ச்சல் தெரிந்திருக்கும். ஆனாலும் வியாழன் தேர்வு அதே அறையில், அதே சாத்திய சன்னல்களோடு நடந்தது. பெற்றோர் ஒருவருக்கும் தகவல் போகவில்லை. என் மகன் மூன்று நாள் மறைத்தான். பள்ளி அதற்குப் பிறகு ஆறு நாள் மறைத்தது. இருவருக்கும் காரணம் ஒன்றே, தேர்வு கெட்டுவிடக் கூடாது. அவனிடம் கடிதம் வாங்கிவிட்டீர்கள்.

ஏன் மறைத்தான் என்று கேட்டேன். அழாமல் சொன்னான், அது அழுததைவிட மோசமாக இருந்தது. "வரவில்லை என்றால் பூஜ்யம் போட்டு ரேங்க் பட்டியலைப் பெற்றோர் குழுவில் அனுப்புவார்கள்" என்றான். மறுதேர்வு கிடையாது. விடுப்பு வேண்டுமென்றால் மருத்துவர் சான்றிதழோடு பெற்றோர் நேரில் வர வேண்டும். அம்மா இரவுப் பணி முடித்து வந்து தூங்குகிற நேரத்தில் எப்படி எழுப்புவது என்று யோசித்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து நூறு சதவீத வருகைக்கான பதக்கம் ஆண்டுதோறும் வாங்கியவன், கடைசி ஆண்டில் விட மனமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீட்டுக்குப் பத்து மதிப்பெண் உண்டு, அதில் வருகைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மாணவர்கள் மந்திரம்போல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் விடுப்பால் அதில் ஒன்றும் குறைந்துவிடாது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பிறகு அந்தக் கதை. கையில் குளுக்கோஸ் ஏற்றும் ஊசியோடு மருத்துவமனையிலிருந்து நேராக வந்து தேர்வெழுதி முதலிடம் வாங்கிய பழைய மாணவனைப் பற்றி ஆண்டுதோறும் தேர்வுக்கு முன் காலை வழிபாட்டில் சொல்கிறீர்களாமே. அந்த அண்ணனுக்கு என்ன நோய், அது ஒட்டும் நோயா என்று கதையில் வருவதில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். "அம்மா, நீங்களும் காய்ச்சலோடு டியூட்டிக்குப் போவீர்களே" என்றான். போயிருக்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டு தடுப்பூசி முகாமில் நின்றிருக்கிறேன். அதை வீட்டில் வந்து பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அவன் வீட்டிலும் படித்தான், பள்ளியிலும் படித்தான், இரண்டிலும் ஒரே பாடம்.

அடுத்த திருப்புதல் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குமுன் நடக்க வேண்டியவை என்று நான் நினைப்பதைக் கேளுங்கள். இது பொதுத்தேர்வு அல்ல, பள்ளி நடத்தும் பயிற்சி. வினாத்தாளை இன்னொரு முறை எடுப்பது ஓர் ஆசிரியருக்கு ஒரு மாலை வேலை. எனவே காய்ச்சலால் வராதவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மறுதேர்வு வையுங்கள். அதுவரை பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் வேண்டாம், வெற்றிடமாக விடுங்கள். மருத்துவர் சான்றிதழ் கேட்காதீர்கள். லேசான காய்ச்சலுக்கு வீட்டில் படுத்திரு என்பதுதான் வழிகாட்டுதல். நீங்கள் அந்தப் பிள்ளையைச் சான்றிதழுக்காக எங்கள் நிலையத்துக்கு அனுப்பினால், அங்கே வரிசையில் நிற்கும் கர்ப்பிணிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவான். பெற்றோர் ஒரு தொலைபேசி அழைப்பில் சொன்னால் போதும் என்று ஆக்குங்கள். திரும்பி வருவதற்கு ஒரே விதி: மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். "மாத்திரை போடாமல்" என்பதை அடிக்கோடிட்டுச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அந்த இரண்டு சொல் இல்லையென்றால் மற்ற விதி எதற்கும் பொருளில்லை. அதற்குப் பிறகும் சில நாள் கிருமி கொஞ்சம் வெளியேறும்தான், அதனால் முகக்கவசத்தோடு வரட்டும்.

சன்னலைத் திறந்து வையுங்கள். தாள் பறந்தால் அழுத்தி வைக்க ஒரு கூழாங்கல் போதும். ஒரே வகுப்பில் ஒரே நாளில் மூன்று பேர் காய்ச்சலால் வரவில்லையென்றால், பெயர் சொல்லாமல், அன்று மதியத்துக்குள் அந்த வகுப்புப் பெற்றோர் எல்லோருக்கும் ஒரு வரித் தகவல் போகட்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். நூறு சதவீத வருகைப் பதக்கத்தை நிறுத்திவிடுங்கள். என் மகனிடம் இருக்கும் ஆறையும் திருப்பித் தரச் சம்மதம்.

பொதுத்தேர்வு வேறு, அதை நான் மறுக்கவில்லை. தவறவிட்டால் துணைத் தேர்வுவரை காத்திருக்க வேண்டும், கல்லூரிச் சேர்க்கை கைநழுவலாம். அங்கே காய்ச்சலோடு ஒரு பிள்ளை வந்துதான் தீருவான், வீட்டில் இரு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. அவனுக்கு ஒதுக்கமான ஓர் அறையோ, திறந்த சன்னலோரம் தள்ளிப்போட்ட ஒரு மேசையோ, ஒரு நல்ல முகக்கவசமோ கொடுக்க வழி இருக்கிறதா என்று தேர்வு மையத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். சொன்னால் இடம் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் சொல்வான்.

பெற்றோர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மாத்திரை அட்டையை எண்ணி வையுங்கள். நான் வைக்கவில்லை. பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குகிறானா, வெளிச்சத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கிறானா, விடிகாலையில் தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபுளூ காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிதான நோயை வரவழைக்கலாம். மூச்சு வேகமானாலோ, எழுப்பினால் சரியாக எழாவிட்டாலோ, விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்து இருமலோடு திரும்பினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழுவில் என் மகனைப் பற்றி எழுதியவர்களுக்குப் பதில் எழுதப்போவதில்லை. உங்களில் இருவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த வெள்ளிக்கிழமை மாத்திரை போட்டுக்கொண்டு வேதியியல் எழுத வந்தார்கள் என்பது என் நாட்காட்டித் தாளில் இருக்கிறது. பெயர்களை அடித்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு வருகிறேன். இருக்கை வரைபடமும் அந்தத் தாளும் கையில் இருக்கும். கணிதத்தில் அவன் பாதியில் விட்ட விடைத்தாளைத் திருத்தி 31 போட்டிருக்கிறீர்கள். அதை அப்படியே விட்டுவிடுங்கள், அவனே கேட்டுக்கொள்ளச் சொன்னான். ஆஸ்துமா பையனுக்கு மட்டும் விடுபட்ட தேர்வுகளைத் திரும்ப வையுங்கள். பட்டியலில் அவனுக்கு அவற்றுக்கு நேரே இன்னும் பூஜ்யம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்